சம்பளத்தில் வரிப் பிடித்தம்: ஒரு கல்லூரிச் சுற்றறிக்கை இரண்டாம் முறை எழுதப்பட்ட நிகழ்வு

பின்னணி

காரைக்குடிக்கு அருகே அறக்கட்டளை ஒன்று நடத்தும் சுயநிதிக் கல்லூரி. ஆசிரியர்களும் அலுவலர்களுமாகச் சுமார் 120 பேர். சம்பளக் கணக்கைப் பார்ப்பது இருவர் கொண்ட கணக்குப் பிரிவு. மாதக் கடைசியில் சம்பளம் போடுவது, அதில் பிடித்த வரியை, அதாவது டி.டி.எஸ். தொகையை, அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டுவது, பிடித்தத்தின் விவரங்களைக் காலாண்டுக்கு ஒருமுறை 24க்யூ அறிக்கையாகத் தாக்கல் செய்வது எல்லாம் அவர்கள் வேலை. நகரத்தில் ஒரு தணிக்கையாளர் ஆலோசனை தருகிறார்.

2025–26 நிதியாண்டு வழக்கமான ஆண்டாக இல்லை. சம்பளக்காரருக்கு இரண்டு வரிமுறைகள் உண்டு: சேமிப்பு, வாடகை முதலிய கழிவுகள் உள்ள பழையது, அவற்றில் பெரும்பாலானவை இல்லாத புதியது. அந்த ஆண்டின் மத்திய பட்ஜெட் புதிய வரிமுறையின் படிநிலைகளை மாற்றியது. 4 லட்சம் வரை வரி இல்லை. அதன்பின் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பிரிவு 87ஏ தள்ளுபடி 60,000 ரூபாய் வரை கிடைத்து, வரி பூஜ்யமாகிவிடும். சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 ரூபாய். ஆக, சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவர் 12.75 லட்சம் வரை வரியே கட்ட வேண்டாம். பழைய முறையில் எதுவும் மாறவில்லை: 2.5 லட்சம் வரை இல்லை, 5 லட்சம் வரை 5 சதவீதம், 10 லட்சம் வரை 20, அதற்கு மேல் 30. நிலையான கழிவு 50,000. தள்ளுபடி, வரிக்குரிய வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும். இரண்டிலும் வரியின் மீது 4 சதவீத செஸ் உண்டு.

எந்த முறை என்பதை ஊழியர் சொல்ல வேண்டும். நிறுவனம் கேட்க வேண்டும். மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஏப்ரல் 5 அன்று வெளியிட்ட 4/2023 எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஊழியர் ஒன்றும் சொல்லாவிட்டால் அவர் புதிய முறையில் இருப்பதாகக் கொண்டே பிடித்தம் செய்ய வேண்டும். சென்ற ஆண்டு அவர் எதில் இருந்தார் என்பது கணக்கில் வராது.

முதல் சுற்றறிக்கை

ஏப்ரல் முதல் வாரத்தில் அறிவிப்புப் பலகையிலும் ஊழியர் வாட்ஸப் குழுவிலும் போன சுற்றறிக்கையில் மூன்றே வாக்கியங்கள் இருந்தன:

"2025–26ஆம் ஆண்டு வருமான வரிப் பிடித்தத்துக்குப் பழைய முறை அல்லது புதிய முறையைத் தேர்வு செய்து ஏப்ரல் 15க்குள் தெரிவிக்கவும். எல்.ஐ.சி., வீட்டுக் கடன், வாடகை முதலிய விவரங்களை இணைக்கவும். தெரிவிக்காதவர்களுக்குச் சென்ற ஆண்டின் முறையே தொடரும்."

மூன்றாவது வாக்கியம் விதிக்கு நேர் எதிரானது. ஆனால் அதிகத் தொல்லை கொடுத்தது இரண்டாவதுதான். தேர்வைக் கேட்ட அதே மூச்சில் முதலீட்டு விவரங்களையும் கேட்டதால், எல்.ஐ.சி. கட்டுபவரெல்லாம் தமக்குப் பழைய முறைதான் என்று எடுத்துக்கொண்டார்கள். புதிய முறையில் இருப்பவருக்கு அந்தத் தாள்கள் தேவையே இல்லை என்ற செய்தி சுற்றறிக்கையில் எங்கும் இல்லை. தொகை எதுவும் இல்லை. ஒருவர் தன் சம்பளத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வழியும் இல்லை.

ஏப்ரல், மே சம்பளத்தில் கண்டது

ஏப்ரல் சம்பளம் போட்டதும் இரண்டு விதமான புகார்கள் வந்தன.

பதில் தராதவர்களில் சிலர் சென்ற ஆண்டு பழைய முறையில் இருந்தவர்கள். சம்பள மென்பொருள் ஆண்டு தொடக்கத்தில் எல்லாரையும் புதிய முறைக்குத் தானாக மாற்றியிருந்தது. மென்பொருள் செய்தது சரி, சுற்றறிக்கை சொன்னது தவறு. பிடித்தம் குறைந்ததைப் பார்த்து, பிறகு மொத்தமாக வந்து விழுமோ என்று அவர்கள் பயந்தார்கள்.

இரண்டாவது வகையினர் பழைய முறையைக் குறித்துக் கொடுத்தவர்கள். இவர்களில் பெரும்பாலோரின் ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சத்துக்குக் கீழ். புதிய முறையில் ஒரு ரூபாய்கூட வரி வராதவர்களுக்கு மாதந்தோறும் வரி பிடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

ஒரு மூத்த ஆசிரியையின் கணக்கை இங்கே முழுதாகப் பார்க்கலாம். மாதச் சம்பளம் 88,000 ரூபாய், ஆண்டுக்கு 10,56,000. அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 60,000, வீட்டு வாடகைப் படி 12,000, மீதி மற்றப் படிகள். தேவகோட்டையில் வாடகை வீடு, மாதம் 10,000 ரூபாய். கணக்குப் பிரிவில் அவர் சொன்னது இதுதான்: "எல்.ஐ.சி., பி.எஃப்., ஹெல்த் இன்சூரன்ஸ், வாடகை எல்லாம் இருக்கு சார். பழசுதானே எனக்கு லாபம்?"

வாடகைப் படிக்கான விலக்கைத்தான் அவர் முதலில் தவறாகக் கணித்திருந்தார். ஆண்டு வாடகை 1,20,000 முழுவதும் கழியும் என்று நினைத்தார். விதிப்படி மூன்று தொகைகளில் எது குறைவோ அதுதான் கழியும்: வாங்கிய படி 1,44,000, வாடகையிலிருந்து சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்தது, அதாவது 1,20,000-இலிருந்து 72,000 போக 48,000, சம்பளத்தில் 40 சதவீதம், அதாவது 2,88,000. இதில் குறைந்தது 48,000. (2025–26-இல் 50 சதவீதக் கணக்கு சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களுக்கு மட்டும். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனதால் இங்கும் 50 கிடைக்கும் என்று ஊழியர் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. அதற்கு அடிப்படை எதுவுமில்லை.)

இதோடு நிலையான கழிவு 50,000, தொழில் வரி 2,500, எல்.ஐ.சி., பி.எஃப். சேமிப்புக்கான 80சி கழிவு 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000 சேர்த்து மொத்தக் கழிவு 2,75,500. வரிக்குரிய வருமானம் 7,80,500. அதற்கு வரி 68,600. செஸ் சேர்த்து 71,340. மாதம் 5,945 ரூபாய் பிடித்தம். புதிய முறையில் 75,000 கழித்தால் 9,81,000, வரி 38,100, தள்ளுபடி முழுவதையும் விழுங்கிவிடும். கட்ட வேண்டியது பூஜ்யம். பழைய முறையில் அவர் பூஜ்யத்தை எட்ட வேண்டுமானால் கழிவுகள் 5,56,000 இருக்க வேண்டும். அவரிடம் இருப்பது அதில் பாதிதான்.

எல்.ஐ.சி. பிரீமியம் கட்டுவதால் பழைய முறை லாபம் என்ற எண்ணம் பல ஆண்டுப் பழக்கத்தில் வந்தது. 12.75 லட்சத்துக்குக் கீழே சம்பளம் வாங்குபவருக்கு 2025–26-இல் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பிரீமியத்தைக் காப்பீட்டுக்காகக் கட்டலாம். வரிக்காகக் கட்டத் தேவையில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மே மாத நடுவில் கணக்குப் பிரிவும் தணிக்கையாளரும் மூன்று வழிகளை எடைபோட்டார்கள்.

நஷ்டப்படுபவர்கள் எல்லாரையும் பேசாமல் புதிய முறைக்கு மாற்றிவிடலாமே என்றது நிர்வாகம். தணிக்கையாளர் மறுத்தார். தேர்வு ஊழியருடையது, எழுதிக் கொடுத்த பிறகு நிறுவனம் அதன்படிதான் பிடிக்க வேண்டும். வெளியே வேறு வருமானமோ வீட்டுக் கடனோ இருக்கும் ஒருவரின் முழுக் கணக்கு நிறுவனத்துக்குத் தெரியாது.

யார் வேண்டுமானாலும் எந்த மாதமும் மாற்றிக்கொள்ளலாம் என்று விடுவது இரண்டாவது வழி. ஒவ்வொரு மாற்றமும் ஆண்டு முழுவதற்குமான கணக்கைத் திருப்பிப் போடும். டிசம்பரில் மாறினால் மீதி நான்கு மாதங்களில் முழு வித்தியாசமும் வந்து விழும். குறைவாகப் பிடித்துவிட்டால் வட்டி நிறுவனத்தின் தலையில். இதுவும் வேண்டாம் என்று முடிவானது.

மூன்றாவது வழி ஏற்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் இரண்டு முறைகளிலும் கணக்கிட்ட தனித்தாள் கொடுப்பது. ஜூன் 20 வரை ஒரே ஒருமுறை மாற்ற அனுமதிப்பது. ஜூன் 20 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் காலாண்டு ஜூன் 30-இல் முடிகிறது. ஜூன் சம்பளத்திலேயே மாற்றம் ஏறிவிட்டால் முதல் 24க்யூ அறிக்கையைத் திருத்த வேண்டியிராது.

இரண்டாம் சுற்றறிக்கை

மே இறுதியில் போன சுற்றறிக்கையின் முக்கியப் பகுதிகள்:

"அனைத்து ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும். ஏப்ரல் மாதச் சுற்றறிக்கை இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது.

2025–26-க்கு நீங்கள் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் புதிய வரிமுறைப்படிதான் பிடித்தம் நடக்கும். சென்ற ஆண்டுத் தேர்வு தொடராது.

பிடித்தம் கணக்கிடும் விதம்: ஏப்ரல் முதல் மார்ச் வரை நீங்கள் பெறப்போகும் சம்பளம் முழுவதையும் முதலில் மதிப்பிடுவோம். அதற்குரிய ஆண்டு வரியைக் கணக்கிட்டு, இதுவரை பிடித்ததைக் கழித்து, மீதியை எஞ்சிய மாதங்களால் வகுப்போம். சம்பளம் கூடினாலும், நீங்கள் சொன்ன கழிவுக்கு ஆதாரம் வராவிட்டாலும் அந்த மாதத்திலிருந்தே பிடித்தம் மாறும்.

இணைத்துள்ள தாளில் உங்கள் பெயருக்கு நேரே இரண்டு முறைகளிலும் ஆண்டு வரி கொடுக்கப்பட்டுள்ளது. பழைய முறைக் கணக்கு, ஏப்ரலில் நீங்கள் எழுதிக் கொடுத்த கழிவுகள் எல்லாவற்றுக்கும் ஆதாரம் வந்துவிடும் என்று வைத்துப் போட்டது.

மாற்ற விரும்புவோர் அந்தத் தாளின் கீழ்ப்பகுதியில் முறையைக் குறித்து, பான் எண், தேதி, கையொப்பத்துடன் ஜூன் 20 மாலைக்குள் கணக்குப் பிரிவில் நேரில் தர வேண்டும். வாட்ஸப் செய்தி ஏற்கப்படாது. ஒப்புகைப் பிரதி வாங்கிக்கொள்ளவும். அதற்குப் பின் இந்த ஆண்டு பிடித்தம் செய்யும் முறை மாறாது.

புதிய முறையில் இருப்போர் முதலீட்டு, வாடகை ஆதாரங்கள் தர வேண்டாம். பழைய முறையில் இருப்போர் படிவம் 12பிபியை ஆதாரங்களுடன் ஜனவரி 10-க்குள் தர வேண்டும்.

இங்கே நீங்கள் தேர்வது பிடித்தத்துக்கு மட்டுமே. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வேறு முறையைத் தேரலாம்."

கடைசி வாக்கியம் பலரை நிம்மதிப்படுத்தியது. ஆனால் அது இரண்டு திசையிலும் ஒன்றுபோல் வேலை செய்யாது என்பதைத் தாளோடு இணைத்த குறிப்பில் சொல்ல வேண்டியிருந்தது. பழைய முறையில் பிடித்தம் செய்யப்பட்டவர் ரிட்டர்னில் புதிய முறைக்கு வருவது எப்போதும் சுலபம், ஏனென்றால் புதியதுதான் இயல்பான முறை. புதிய முறையில் பிடித்தம் செய்யப்பட்டவர் ரிட்டர்னில் பழையதைக் கேட்க வேண்டுமானால், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். தாமத ரிட்டர்னில் பழைய முறை கிடைக்காது.

சம்பளம் மட்டும் உள்ளவர் ரிட்டர்னில் ஒரு கட்டத்தைக் குறித்தாலே போதும். தொழில் வருமானம் இருந்தால் அப்படியில்லை. சொந்தமாக டியூஷன் எடுத்துக் கட்டணம் வாங்குவது தொழில் வருமானம்தான். கல்லூரியில் சிலர் மாலை வகுப்பு நடத்துகிறார்கள். அவர்கள் பழைய முறைக்குப் போக, கெடுவுக்குள் படிவம் 10ஐஇஏ-வை இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பிறகு புதியதற்கு ஒருமுறை திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும் வரை மீண்டும் பழையதற்குப் போக முடியாது. ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் அவர்களுக்கு இல்லை.

ஜூன் மாத மாற்றங்கள்

தாள் கைக்குப் போனதும் 12.75 லட்சத்துக்குக் கீழே இருந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் புதிய முறைக்கு மாறினார்கள். மேலே பார்த்த ஆசிரியையும் மாறினார். ஜூன் முதல் அவருக்குப் பிடித்தம் நின்றது.

ஏப்ரலிலும் மேயிலும் பிடித்த 11,890 ரூபாயை ஜூன் சம்பளத்தில் சேர்த்துத் தரும்படி அவர் கேட்டார். அது நடக்காது. அந்தப் பணம் அவர் பான் எண்ணில் அரசுக்குப் போய்விட்டது. கூடுதலாகப் பிடித்ததை அதே ஆண்டின் பின் மாதங்களில் சரிசெய்யலாம்தான். ஆனால் பின் மாதங்களில் அவருக்கு வரியே இல்லாதபோது எதில் சரிசெய்வது? ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்டாகத்தான் அவர் வாங்க வேண்டும். வரி பூஜ்யம்தானே என்று ரிட்டர்ன் போடாமல் விட்டால் 11,890 அங்கேயே கிடக்கும். இதை அவரிடம் எழுத்தில் தெரிவித்தார்கள்.

ஜனவரி: வாடகை ஆதாரமும் பங்காளிகளும்

பழைய முறையிலேயே இருந்த சிலரில் ஒரு பேராசிரியரின் நிலை இந்த நிகழ்வில் அதிகம் கற்றுத் தருவது.

ஆண்டுச் சம்பளம் 18 லட்சம். புதிய முறையில் 17,25,000-க்கு வரி 1,45,000. செஸ் சேர்த்து 1,50,800. பழைய முறையில் அவர் காட்டிய கழிவுகள்: நிலையான கழிவும் தொழில் வரியும் 52,500, மதுரையில் பெற்றோர் வசிக்கும் சொந்த வீட்டுக் கடன் வட்டி 2,00,000, 80சி 1,50,000, தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கூடுதல் 50,000, தன் குடும்பத்துக்கும் மூத்த குடிமக்களான பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு 75,000, வாடகைப் படி விலக்கு 1,92,000. இவை போக 10,80,500. வரி செஸ்ஸுடன் 1,42,120. பழைய முறையில் அவருக்கு லாபம் 8,680 ரூபாய். மாதம் 11,843 வீதம் ஜனவரி வரை 1,18,430 பிடிக்கப்பட்டது.

அந்த லாபம் முழுவதும் வாடகை விலக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் குடியிருப்பது செட்டிநாட்டின் பழைய பெரிய வீடு ஒன்றில். முகப்பும் வளவும் பூட்டிக் கிடக்க, புதுப்பித்த பின்கட்டில் அவர் குடும்பம் வசிக்கிறது. வீடு நான்கு பங்காளிகளுக்குப் பொது. ஒருவர் காரைக்குடியில், இருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். மாத வாடகை 24,000 ரூபாயை வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் ரொக்கமாகத் தருகிறார். ரசீதில் கையெழுத்தும் அந்தப் பார்த்துக்கொள்பவருடையதே. வீட்டுக்காரர் யாருடைய பான் எண்ணும் கையில் இல்லை.

ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண் படிவம் 12பிபியில் இருக்க வேண்டும். பேராசிரியரின் வாதம்: ஆண்டு வாடகை 2,88,000-ஐ நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு 72,000, ஒருவரும் ஒரு லட்சத்தைத் தாண்டவில்லை, ஆகவே பான் வேண்டாம். கணக்குப் பிரிவு ஏற்கவில்லை. படிவம் கேட்பது உரிமையாளர் ஒவ்வொருவரின் பங்கை அல்ல, ஆண்டில் கொடுத்த மொத்த வாடகையை. மேலும் ரசீதில் கையெழுத்திட்டவர் உரிமையாளரே இல்லை.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. உரிமையாளர்களில் ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவர். வெளிநாடுவாழ் உரிமையாளருக்குப் போகும் வாடகையில் குடியிருப்பவரே வரி பிடித்துக் கட்ட வேண்டும்: 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 195-இன்படி 30 சதவீதம், செஸ்ஸுடன் 31.2. அதற்குக் குறைந்தபட்சத் தொகை வரம்பு கிடையாது. குடியிருப்பவர் வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்கி, அந்தப் பிடித்தத்துக்கான 27க்யூ அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். இந்தப் பகுதியிலிருந்து வெளிநாட்டுக்கு வணிகம் செய்யப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களின் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர் பலர். பெரும்பாலோருக்கு இந்தக் கடமை தெரியாது. விலக்குக் கேட்கும்போதுதான் வெளியே வருகிறது.

பிப்ரவரி சம்பளம் போடும் முன் காரைக்குடிப் பங்காளியின் பான் எண் மட்டும் வந்தது. நால்வரில் ஒருவரின் எண்ணை வைத்துக் கால் பங்கு விலக்குத் தரலாமா என்று பேச்சு எழுந்தது. பங்கு எவ்வளவு என்பதற்கு ஒப்பந்தம் இல்லை, பணம் அவருக்குப் போனதற்கு வங்கிப் பதிவும் இல்லை என்பதால் கணக்குப் பிரிவு முழுவதையும் மறுத்தது. இது கடுமையான முடிவாகத் தோன்றலாம். ஆனால் ஆதாரம் இல்லாமல் விலக்குத் தந்தால், குறைவாகப் பிடித்ததற்குப் பொறுப்பு நிறுவனம்தான்.

விலக்கு போனதும் வரிக்குரிய வருமானம் 12,72,500 ஆனது, வரி 2,02,020. ஏற்கெனவே பிடித்தது போக 83,590. இரண்டே மாதங்கள் மிச்சம். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் தலா 41,795 ரூபாய் பிடிக்கப்பட்டது. பிடித்தத்தைப் புதிய முறைக்கு மாற்றித் தரும்படி அவர் கேட்டபோது, ஜூன் 20-ஐச் சுட்டி மறுத்தார்கள்.

இன்னொரு பக்கம்: நிலுவைத் தொகை

புதிய முறையில் இருந்தால் தொந்தரவே இல்லை என்று நினைத்த ஓர் உதவிப் பேராசிரியைக்கு ஜனவரியில் வேறு அதிர்ச்சி. மாதம் 1,05,000, ஆண்டுக்கு 12,60,000. டிசம்பர் வரை பிடித்தமே இல்லை. அதே ஆண்டுக்குரிய நிலுவைத் தொகை 40,000 ஜனவரியில் வந்தது. மொத்தம் 13 லட்சம்; நிலையான கழிவு போக 12,25,000.

12 லட்சத்தைத் தாண்டிய உடனே 87ஏ தள்ளுபடி போய்விடும். படிநிலைக் கணக்கில் வரி 63,750. ஆனால் மார்ஜினல் ரிலீஃப் இருப்பதால், 12 லட்சத்துக்கு மேலுள்ள தொகையை விட வரி கூடக்கூடாது. மேலுள்ளது 25,000; வரியும் 25,000; செஸ் 1,000. மூன்று மாதங்களுக்குப் பிரித்து மாதம் 8,667 ரூபாய். கைக்கு வந்த 40,000-இல் 26,000 வரிக்குப் போனது.

நிலுவையை ஏப்ரலில் வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் கேட்டார். சம்பளம், உரியதான தேதி அல்லது கைக்கு வந்த தேதி இரண்டில் எது முந்தியதோ அந்த ஆண்டில் வரிக்கு வரும். உத்தரவு போட்டு உரியதாகிவிட்ட தொகையைத் தள்ளி வாங்குவதால் வரி தள்ளிப்போகாது. முந்தைய நிதியாண்டுக்குரிய நிலுவையாக இருந்திருந்தால் படிவம் 10ஈ வழியாகப் பிரிவு 89 நிவாரணத்தைப் பார்த்திருக்கலாம். இது அதே ஆண்டின் நிலுவை என்பதால் அந்த வழியும் இல்லை.

ஆண்டு முடிவில்

மார்ச் மாதப் பிடித்தம் ஏப்ரல் 30 கெடுவுக்குள் கட்டப்பட்டது. நான்காம் காலாண்டு 24க்யூவின் இணைப்பில் ஒவ்வொருவர் எந்த முறை என்பதும் குறிக்கப்படுகிறது; படிவம் 16-இலும் அதுவே வரும். இவற்றைக் கையொப்பமிட்ட தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்தான் அறிக்கை போனது.

பேராசிரியருக்குத் தணிக்கையாளர் இரண்டு வழிகளைச் சொன்னார். ரிட்டர்னில் பழைய முறையிலேயே இருந்து, வாடகை விலக்கைத் தாமே கோரலாம், வரி 1,42,120. ஆனால் துறை கேட்டால் நான்கு உரிமையாளர்களின் விவரமும் வேண்டும், சிங்கப்பூர்க்காரரின் பங்குக்குப் பிடிக்காத வரியும் கேள்விக்கு வரும். அல்லது ரிட்டர்னில் புதிய முறைக்கு வந்து 1,50,800 கட்டினால், பிடித்த 2,02,020-இல் 51,220 ரீஃபண்ட் வரும். வருமான வரி ரிட்டர்னில் வாடகையைப் பற்றி ஒன்றும் கோர வேண்டியதில்லை. 8,680 ரூபாய்க்காக முதல் வழியில் போவது வீண் என்பது தணிக்கையாளர் கருத்து. வெளிநாட்டுப் பங்குக்கான 195 கடமை எந்த முறையைத் தேர்ந்தாலும் அவரை விடாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அடுத்த ஆண்டுக்கு மாற்றியவை

இரு முறைக் கணக்குத் தாள் இனி ஏப்ரல் சுற்றறிக்கையோடே போகும். அதில் பழைய முறைக்கு ஒரு தொகை போதாது என்று கண்டு, இரண்டு தொகைகள் வைத்திருக்கிறார்கள்: எல்லா ஆதாரமும் வந்தால் இவ்வளவு, வாடகை ஆதாரம் வராவிட்டால் இவ்வளவு. பேராசிரியர் ஜூனில் 1,42,120-க்குப் பக்கத்தில் 2,02,020-ஐயும் பார்த்திருந்தால் வேறு முடிவு எடுத்திருக்கக்கூடும்.

வாடகைக்கு ஆதாரம் கேட்கும் தேதி ஜனவரியிலிருந்து செப்டம்பருக்கு நகர்ந்தது. உரிமையாளர்கள் பெயர், பங்கு, பான் எண், யாராவது வெளிநாட்டில் வசிக்கிறார்களா என்பது ஒரு பக்கப் படிவம். செப்டம்பரில் மறுத்தால் வித்தியாசம் ஏழு மாதங்களில் பரவும்; இரண்டு மாதங்களில் கழுத்தைப் பிடிக்காது. வாடகையை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பும்படியும் அதில் கேட்டிருக்கிறார்கள். ரொக்கம் சட்டப்படி தடை இல்லை என்றாலும், நிரூபிப்பது ஊழியருக்குத்தான் கடினம்.

ஆண்டுச் சம்பளம் 12 முதல் 12.75 லட்சத்துக்குள் இருப்பவர்களைத் தனியாகக் குறித்து, ஊதிய உயர்வோ நிலுவையோ வரும்போது உத்தரவு போடும் முன்பே வரிக் கணக்கைச் சொல்லிவிடுவது என்றும் முடிவு.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 அமலுக்கு வந்துவிட்டதால், சுற்றறிக்கையில் உள்ள பிரிவு எண்களை அப்படியே நகலெடுக்க முடியாது. சட்டத்தில் முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்றிருந்த இரட்டைப் பெயருக்குப் பதில் வரி ஆண்டு என்ற ஒரே பெயர் வருகிறது. ஆனால் 2025–26 வருமானத்துக்கான ரிட்டர்ன் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படியேதான். ஆகவே 2026 ஏப்ரல் தொடங்கி இரண்டு ஆண்டுகளின் தாள்களும் தனித்தனிக் கோப்புகளில் போகின்றன.